அண்ணனைக் கேட்டவர்கள்

என் கணவருக்குக் கேமரா முன்னால் முகம் காட்டப் பிடிக்காது. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்தவர், ஒரு கைப்பேசியைக் கண்டால் அடுப்பு மேடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். அதனால் எங்கள் காணொளிகளில் அவருடைய இடது கை மட்டும்தான் வரும். முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை. அந்தக் கை கரண்டியை எடுக்கும், சுவைக்கும், பிறகு குரல் மட்டும் கேட்கும்.

"உப்பு பத்தல லா. ஆனா சாப்பிடலாம்."

ஒவ்வொரு காணொளியும் இப்படித்தான் முடியும். வேறு மாதிரி சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். பொய் சொல்ல மாட்டாராம்.

புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் சிறுநீரக நோயாளிகளுக்காக நான் சமைத்துக் காட்டுகிறேன். ஆரம்பத்தில் நான் நினைத்ததைத்தான் சமைத்தேன். பிறகு கேள்விகள் வர ஆரம்பித்தன. உருளைக்கிழங்கு போடலாமா, பிளிம்பிங் என்கிற நட்சத்திரப் பழம் தின்னலாமா, கடையில் 'உப்பு குறைந்த உப்பு' என்று விற்கிறார்களே அது நல்லதா. ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, மறுபடி யாராவது கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். ஐந்து கோடு விழுந்தால் அதுதான் அடுத்த காணொளி. டயாலிசிஸ் மையத்தில் இருக்கும் உணவு ஆலோசகரிடம் கேட்காமல் ஒன்றுக்கும் பதில் சொன்னதில்லை. அந்தப் பொட்டலத்து உப்பில் இருப்பது பொட்டாசியம், நம் ஆட்களுக்கு அது விஷம் என்று அவர் சொன்னதும் வீட்டுக்கு ஓடினேன். எங்கள் அலமாரியிலேயே ஒரு பொட்டலம் இருந்தது.

அவசரக் கேள்விக்குக் கோடு சேரும்வரை காத்திருக்க மாட்டேன். காணொளிக்குக் கீழே வந்த அந்தக் கருத்தைத் தொட்டு, காணொளியாகவே பதில் எடுத்துவிடுவேன். கேட்டவரின் பெயரோடு கேள்வி ஒரு சின்னக் கட்டமாகத் திரையில் ஒட்டிக்கொள்ளும். கேட்டவருக்கும் தகவல் போய்விடும். கிழங்கைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு குழம்பில் போடுவதை அப்படித்தான் காட்டினேன். கேட்டது சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு பெண். லோரி ஓட்டும் அவள் கணவன் டயாலிசிஸ் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவன். அவள் கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, ஒங்க வீட்டு அண்ணன் கைய காட்டித்தான் இவர அனுப்பி வைக்கிறேன். அந்த அண்ணனே ஏழு வருசமா போறாரு, ஒனக்கு என்னான்னு கேப்பேன்."

அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அன்று வழக்கத்தைவிடச் சத்தமாக உப்பு பத்தல என்றார்.

திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ். அந்த நாட்களில் வந்து சுருண்டு படுத்துவிடுவார். ஆகவே சனிக்கிழமை மூன்று காணொளிகளை ஒரே மூச்சில் எடுத்து வைப்போம். அப்படி மூன்று எடுத்த சனிக்கு மறுநாள், மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தவர் நாற்காலியிலேயே போய்விட்டார். இதயம் என்றார் டாக்டர். சனி, ஞாயிறு என்று வரும் அந்த இரண்டு நாள் இடைவெளிதான் பலருக்கு ஆபத்து என்றும் சொன்னார். சாப்பாட்டால் இல்லை என்று நான் கேட்காமலே சொன்னார். நான் கேட்கப் பயந்தது அதைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கைப்பேசியைத் திறந்தேன். கேள்விகள் குவிந்து கிடந்தன. வீடும் அமைதியாகக் கிடந்தது. என்ன புத்தியோ, எடுத்து வைத்த மூன்றில் ஒன்றைப் பதிவேற்றிவிட்டேன். சுரைக்காய்க் கூட்டு. கடைசியில் அந்தக் கை வந்தது. உப்பு பத்தல என்றது.

"அண்ணன் குரல் இன்னைக்கு தெம்பா இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் ஒரு இதயம் போட்டேன். அந்த இதயத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மற்ற இரண்டையும் போட எனக்கு மனசு வரவில்லை. தனியாகச் சமைத்துப் போட்டேன், கடைசியில் சுவைக்காமல் நிறுத்தினேன். உடனே ஆரம்பித்தது. அண்ணன் எங்க அக்கா? அண்ணே நல்லா இருக்காரா? உப்பு யாரு பாக்குறா? நான் ரசத்துக்குப் பதில் சொன்னேன், மீனுக்குப் பதில் சொன்னேன். இதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். நோட்டில் எழுதினேன், கோடு போட்டேன். ஐந்து தாண்டியது, பக்கம் நிரம்பியது. என் சட்டத்தை நானே மதிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பயம் எனக்கு அந்த சுங்கை சிப்புட்காரனை நினைத்துத்தான். அந்தக் கை இல்லை என்று தெரிந்தால் அவன் போவதை நிறுத்திவிடுவான். இன்னொரு பயமும் இருந்தது, மறைப்பானேன். உன் சாப்பாட்டைச் சாப்பிட்டும் போய்விட்டாரே என்று ஒருவர் எழுதிவிட்டால் போதும், நான் அடுப்புப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

ஒரு நாள் அந்தப் பெண்ணே கேட்டாள். "அக்கா, இவரு தெனம் கேக்குறாரு. அண்ணன் கைய ஏன் காட்ட மாட்றாங்கன்னு. நான் என்னா சொல்ல?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பல பேர் கேட்டது, அதனால் தனிக் காணொளியாகவே எடுக்க முடிவு செய்தேன். அவள் பெயரைத் திரையில் ஒட்டவில்லை. அந்த வீட்டுக்கே முதலில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். பிறகு காலை வெளிச்சத்தில், அடுப்பு மூட்டாமல், சொன்னேன். அண்ணன் இல்லை. இதயம் நின்றது. சுரைக்காய்க் கூட்டு போட்டபோதே அவர் இல்லை, உங்களை ஏமாற்றிவிட்டேன், மன்னிக்க வேண்டும். டயாலிசிஸால்தான் எனக்கு ஏழு வருடம் கிடைத்தது. நீங்கள் யாரும் நிறுத்த வேண்டாம்.

கருத்துகள் நூற்றுக்கணக்கில் வந்தன. திட்டியவர்களும் உண்டு, அவர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. திங்கள் போனது. புதன் போனது. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

வெள்ளி சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு காணொளி வந்தது. ஒரு சமையலறை. என்னுடைய சுரைக்காய்க் கூட்டு, என்னைவிட நன்றாகவே வந்திருந்தது. ஒரு கை உள்ளே வந்தது. முழங்கைக்குக் கீழே புதுப் பஞ்சு ஒட்டிய கை. கரண்டியை எடுத்தது. தொண்டையைச் செருமும் சத்தம்.

"உப்பு பத்தலக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா சாப்பிடலாம்."

உட்கார்ந்து அழுதேன். பதினாறு நாளிலும் அப்படி அழவில்லை.

முகம் கழுவிவிட்டு அவளுக்கு எழுதினேன். உப்பு யார் பார்ப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள், இதை அவர்களுக்குப் பதிலாகப் போடலாமா, அவரிடம் கேட்டுச் சொல் என்றேன்.

பதில் சீக்கிரமே வந்தது.

"போடலாமாம் அக்கா. மூஞ்சி மட்டும் காட்ட மாட்டாராம்."