ஸ்கேன் அறிக்கைக்கு விளக்கம் கோரி ஒரு மனு

என் கணவர் திடீரென்று அன்பாக நடந்துகொள்ள ஆரம்பித்ததில்தான் எனக்குப் பயம் பிடித்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவர் கெட்டவராக இருந்ததில்லை. ஆனால் குழம்பில் உப்பு குறைந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனிதர். அந்த வாரம் நான் உப்பே போடாமல் வைத்த ரசத்தை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை, "மாமல்லபுரம் போயி கொஞ்ச நேரம் கடல பாத்துகினு வரலாமா?" என்று கேட்டார். அவருக்கு வேலையே நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். நாள் முழுக்கக் கடலைப் பார்க்கிறவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு தடவை பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

அதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்கு இடது விலாவில் வலி வந்து செங்கல்பட்டில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாயில் நாலு மில்லிமீட்டர் கல். எனக்கு உள்ளே வலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் வெளியே கணவரைக் கூப்பிட்டுப் பேசினார். நம் ஊரில் அதுதான் வழக்கம். உடம்பு நம்முடையது, விவரம் கூட வந்தவருக்கு. நான் வெளியே வந்து, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "கல்லுதான் கீது. தானா பூடுமாம்" என்றார். மாத்திரை சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன், ஒரு வாரத்தில் கல் போய்விட்டது. அன்புதான் போகவில்லை.

நான் செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கிறேன். வருகிற மனுவுக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, உரிய பிரிவுக்கு அனுப்புவது என் வேலை. ஒரு காகிதம் காணவில்லை என்றால் என் மூக்குக்கு முதலில் தெரியும். வீட்டில் ஸ்கேன் அறிக்கை காணவில்லை. ஒரு நாள் ஆதார் நகலுக்காகப் பத்திரப் பையைத் துழாவியபோது, வீட்டுப் பத்திரத்துக்கும் எங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழுக்கும் நடுவில் அது இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் கல்லுக்குக் கீழே இன்னொரு வரி. இடது அட்ரினல் சுரப்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு நாடியூல், அதாவது சிறு கட்டி, தற்செயலாகக் காணப்பட்டது. பக்கத்தில் ஹெச்.யூ. நாலு. நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். ஆங்கிலக் கடிதங்கள் படித்துப் பழகியவள்தான் நான். 'தற்செயலாக' என்ற சொல்லை யாராவது ஆறுதலுக்காகப் போட்டிருப்பார்களோ என்று தோன்றியது. அந்த நாலு என்ற எண்ணில்தான் கண் நின்றது. புற்றுநோயில் நாலாவது நிலை என்று சொல்வார்களே, அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உப்பில்லாத ரசமும் கடற்கரையும் ஏன் என்று புரிந்துவிட்டது.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாவம், மறைத்துவைத்துக்கொண்டு அவர் படுகிற பாட்டைப் பார்த்தால், கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விளக்கம் வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும்.

மதிய இடைவேளையில் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கடிதம் எழுத ஒரு விதம்தான் வரும். அனுப்புநர், பெறுநர் போட்டேன். 'பொருள்: ஸ்கேன் அறிக்கையில் கண்டுள்ள எதிர்பாராத கட்டி குறித்து எளிய தமிழில் விளக்கம் கோருதல் – தொடர்பாக' என்று எழுதினேன். 'பார்வை' என்று போட்டு அறிக்கையின் தேதியைக் குறித்தேன். பிறகு கேள்விகள். மேற்படி கட்டி எந்த உறுப்பில் உள்ளது, அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது? அது புற்றுநோயா? நாலு என்ற எண் எதைக் குறிக்கிறது? இனி என்ன பரிசோதனை, எப்போது? விளக்கத்தை என் கணவரிடம் அல்லாமல் நோயாளியாகிய என்னிடமே தெரிவிக்க இயலுமா? அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பேனா நிற்கவில்லை. ஆறாவதாக ஒன்று எழுதினேன். எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தல் திருத்தல் உள்ள மனுவை நானே திருப்பி அனுப்புகிறவள் என்பதால் விட்டுவிட்டேன். பழக்க தோஷத்தில் கடைசியில் 'நகல்: கோப்பிற்கு' என்றும் போட்டேன்.

மாலையில் கிளினிக் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கொடுத்து, இரண்டாம் பிரதியில் ஒப்புகை முத்திரை கேட்டேன். "எதுக்கு மேடம்?" என்றாள். "வாங்கிக்கிட்டதுக்கு" என்றேன். அங்கே ஒரு முத்திரைதான் இருந்தது, 'ஸ்கேன் முடிந்தது' என்று. அதையே குத்தச் சொல்லி, தேதியும் போட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அந்தப் பெண் மனுவை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளே போனது தெரிந்தது. எதற்கு இப்படிப் பயப்படுகிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் கிளினிக்கிலிருந்து போன் போயிருக்கிறது, எனக்கு அல்ல. படிவத்தில் இருந்தது கணவரின் எண். "சார், உங்க வீட்டம்மா எங்க மேல கம்ப்ளைன்ட் குடுத்திருக்காங்க. கவர்மென்ட்டுக்கு நகல் போட்டிருக்காங்கபோல. வேணும்னா ஸ்கேன மறுபடி எடுத்துக் குடுத்துடறோம். சனிக்கிழமை ரெண்டு பேரும் வந்து டாக்டர பாருங்க" என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரே போனில் அவர் மறைத்ததும் எனக்குத் தெரிந்ததும் ஒன்றாக வெளியே வந்துவிட்டன.

அவர் காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். நான் வேலையிலிருந்து வந்தபோது நாற்காலியில் சட்டைகூட மாற்றாமல் இருந்தார்.

"கம்ப்ளைன்டா குடுத்த?" என்றார்.

"விளக்கம் கேட்டேன்."

"என்னாண்ட கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"எனக்கே தெரியாதும்மா" என்றார். "கிட்னி மேல ஒரு சின்ன கட்டி மாரி கீது, அப்பறம் பாத்துக்கலாம்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருபது நாள் இந்த மனுஷன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னை மனதுக்குள் எரித்து முடித்திருக்கிறார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் டீ போடப் போய்விட்டேன். அடுப்படியில் நின்று அழுதேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

சனிக்கிழமை போனபோது மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். டாக்டரும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தார். என் மனு அவர் மேசைமேல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தினம் கையில் எடுக்கிற பொருளும் பார்வையும் மற்றவர்களை மிரளவைக்கிற சமாச்சாரம்.

"இது புகார் இல்ல டாக்டர்" என்றேன். "எனக்கு இப்படித்தான் எழுத வரும்."

அவர் காகிதத்தை முதல்முறையாக முழுக்கப் படிப்பது போலப் படித்தார். தோள் இறங்கியது. "ரிப்போர்ட்ல எழுதறது இன்னொரு டாக்டருக்காக எழுதறது. அத உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. அன்னைக்கு நான் சரியா சொல்லல" என்றார். சொல்லிவிட்டு, பழக்கம், கணவர் பக்கம் திரும்பி ஆரம்பித்தார். "சார், இது வந்து..."

"என்னாண்ட சொல்லாதீங்க டாக்டர்" என்றார் என் கணவர். "அவங்கதான் எழுதிக்கிறாங்க. அவங்களாண்ட சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டார். மனுவின் பின்பக்கத்திலேயே ஒரு சிறுநீரகம் வரைந்து, அதன் தலையில் ஒரு குல்லாய் போட்டார். "இந்தக் குல்லாய்தான் அட்ரினல். ரத்த அழுத்தம், உப்பு, உடம்போட பதற்றம் இதையெல்லாம் பாத்துக்கற ஹார்மோன் இங்க சுரக்குது. அதுல சின்னதா ஒரு கட்டி. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கறப்ப நிறைய பேருக்கு இப்படித் தெரியவரும்" என்றார்.

"நாலு?"

"அது நிலை இல்லைம்மா. கட்டி எவ்வளவு அடர்த்தின்னு ஸ்கேன் சொல்ற அளவு. பத்துக்குக் கீழ இருந்தா உள்ள கொழுப்பு நிறைஞ்ச சாதாரணக் கட்டின்னு அர்த்தம். உங்களுக்கு நாலு, அளவும் சின்னது. இது புற்றுநோய் இல்லை. இதுக்காகத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம்."

பார்க்க வேண்டியது ஒன்றுதான் என்றார். அந்தக் கட்டி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா என்று. ராத்திரி படுக்கும் முன் ஒரு மாத்திரை, மறுநாள் காலை ரத்தம். எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் கூட இரண்டு பரிசோதனை. எல்லாவற்றையும் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே தமிழில் எழுதிக்கொண்டே வந்தார். பின்னால் அந்தப் பரிசோதனைகளும் சரியாகவே வந்தன. ஆனால் அன்றைக்கு அவர் கை ஆறாவது கேள்வியில் வந்து நின்றது. அதை அவர் எப்படியாவது தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன்.

சத்தமாகவே படித்தார். "என் கணவருக்குச் சோறு வடிக்கவும், கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவும் தெரியாது. கற்றுக்கொடுக்க எனக்கு எத்தனை மாதங்கள் உள்ளன என்பதைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'அவசரம் இல்லை' என்று அந்தக் கேள்விக்கு எதிரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. ஏறி உட்கார்ந்தோம். அவர் அந்தக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கிப் படித்தார். வண்டி செங்கல்பட்டைத் தாண்டும் வரை திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, யாரோ வேற்றாளிடம் கேட்பது போலக் கேட்டார்.

"அப்ப, நீ இருப்ப இல்ல?"

"இருப்பேன்" என்றேன்.

அவர் அழ ஆரம்பித்தார். நடத்துநர் டிக்கெட் கேட்டு வந்து, அவரைப் பார்த்துவிட்டு, அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.