நகல்கள்: நூற்று முப்பத்தொன்று

அவரை எல்லாரும் நிதானம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கைப்பேசி விளையாட்டு செய்யும் எங்கள் சின்ன கம்பெனியில், ஜன்னல் ஓரக் கடைசி மேசை அவருடையது. வயது ஐம்பத்திரண்டு. எங்களில் பாதிப்பேர் பிறக்கும் முன்பே காகிதத்தில் கார்ட்டூன் வரைந்தவர். நாற்பது வயதுக்கு மேல் கணினிப் பேனா பிடிக்கக் கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காது கேட்காத தங்கை ஒருத்தி. அவர் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

தங்கையோடு கையால் பேசிப் பேசித்தான் தனக்கு வரையத் தெரிந்தது என்பார். "கை ஆடுறத எல்லாரும் வரைஞ்சிடுவாங்கம்மா. அது எங்க நிக்குதுன்னு பாக்கணும்" என்று ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். நான் தலையாட்டிவிட்டு பிஸ்கட்டை எடுத்தேன். எனக்கு அப்போது அறிவுரை கேட்கும் பொறுமை இல்லை, பசி இருந்தது.

அவர் வரைந்த கரடி பாய்வதற்கு முன் பதுங்கும். அரை நொடி அப்படியே உறைந்து நிற்கும். பார்க்கிறவன் மூச்சும் நிற்கும். பிறகுதான் பாய்ச்சல். எங்கள் விளையாட்டில் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு ஃபிரேம் ஓடும், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படக் கோப்பு. அரை நொடி நிற்க வேண்டுமென்றால் ஒரே படத்தை ஆறு முறை, ஆறு எண்களில் சேமிக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் தொன்றுதொட்டு அதுதான் வழக்கம்.

ஒரு கரடிக்கு இப்படிச் சேரும் நானூறு சொச்சம் படங்களை அப்படியே கொடுத்தால் கைப்பேசி திணறும். எல்லாவற்றையும் ஒரே பெரிய படத்தில் அடுக்கி, எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஸ்பிரைட் ஷீட். அதைக் கையால் அடுக்குகிற புண்ணியம் என் தலையில் விழுந்திருந்தது. படித்தது நிரல் எழுத, பார்த்தது படம் ஒட்டுகிற வேலை. ஒரு ஷீட்டுக்கு இரண்டு நாள். ஒரு படம் மாறினால் மறுபடி முதலிலிருந்து.

வெறுத்துப்போய் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினேன். அது ஃபோல்டரைத் திறக்கும். ஒவ்வொரு படத்தையும் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டும். எவ்வளவு வெட்டியது என்று குறித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கரடி இடம் மாறிக் குதிக்கும். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் படங்களில் ஒன்றை மட்டும் ஷீட்டில் வைக்கும். மற்றவற்றின் பெயர்களைப் பட்டியலில் எழுதி, அதே இடத்தைக் காட்டிவிடும். ஓடவிட்டால் கரடி முன்போலவே அரை நொடி நிற்கும், இடம் மட்டும் மிச்சமாகும். இரண்டு நாள் வேலை நாலு நொடியில் முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டேனா? கடைசியில் ஒரு கணக்கும் அச்சிட வைத்தேன். வெறும் பெருமைக்கு. யாரும் கேட்கவில்லை.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "ரெண்டு நாள் வேலைய நாலு செகண்டுல முடிச்சிருக்கா. மூளைன்னா இது!" என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போது அவர் கண் கடைசி வரியில் விழுந்தது. மொத்தம்: நானூற்று இருபது. நகல்கள்: நூற்று முப்பத்தொன்று.

"நகல்னா? ஒரே படமா?"

"ஆமா சார்" என்றேன்.

வரைகிறவர்களுக்கு வாரம் அறுபது ஃபிரேம் என்று இலக்கு. முதலாளி மனக்கணக்கில் புலி. "அப்ப ஏழு வாரத்துல ரெண்டு வாரம் சும்மா ஒக்காந்திருக்கீங்க. இல்லையாண்ணே?"

நிதானம் அண்ணன் எழுந்தார். "சார், அது கரடி நிக்கிறதுக்கு."

"நிக்கிறதுக்கா சம்பளம் வாங்குறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நிதானம் அண்ணன் என்னைப் பார்த்தார். 'அது ஏமாற்று இல்லை சார், வேண்டுமென்றே வைத்தது' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாய்க்குள் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை, பாராட்டுதான் இருந்தது. அதைத் துப்ப மனம் வரவில்லை. இனிமேல் நகல் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து பனிக்கரடி. ஆறு வாரம் நிதானம் அண்ணன் மேசையை விட்டு எழவில்லை. டீக்கும் வரவில்லை. ஃபோல்டர் வந்ததும் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். மொத்தம் முந்நூற்று அறுபது, நகல்கள் பூஜ்யம். ஆனால் எல்லாம் ஒரே ஷீட்டில் கொள்ளவில்லை, இரண்டாவது ஷீட் தேவைப்பட்டது. என்னவென்று படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரடி நிற்க வேண்டிய ஒவ்வொரு ஃபிரேமிலும் காது ஓரத்தையும் முதுகுக் கோட்டையும் ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி வரைந்திருந்தார். ஒரு படமும் இன்னொன்றைப் போல இருக்கக் கூடாதே!

ஓடவிட்டேன். கரடி பதுங்கியது. நின்றது. நின்ற இடத்தில் நடுங்கியது.

மனுஷன் தன் கையாலேயே தன் வேலையைக் கெடுத்து, என் கணக்கின் வாயை அடைத்திருந்தார். அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். முதலாளி பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பிடிச்ச பிடியில எப்படி வழிக்கு வந்தாரு!" என்று என் தோளைத் தட்டினார். நான் ஷீட்டை அனுப்பிவைத்தேன்.

எங்களுக்கு இந்த விளையாட்டு வேலையைக் கொடுத்திருந்த நிறுவனத்திலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. 'பனிக்கரடிக்கே குளிர்ஜுரமா?' என்று கேட்டு, மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதலாளி அறையில் நானும் நிதானம் அண்ணனும் நின்றோம்.

"எங்க தப்பு?" என்று முதலில் என்னிடம்தான் கேட்டார். "அடுக்குறதுல ஏதாவது ஆயிடுச்சா? உன் ஸ்கிரிப்ட்ல தப்பா?"

"ஸ்கிரிப்ட்ல தப்பு இல்ல சார்."

சத்தியமான வார்த்தை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் எதையும் பேசியதில்லை.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "வயசாயிடுச்சுண்ணே. கை நடுங்குது. கோடு நிக்க மாட்டேங்குது. உங்களக் குத்தம் சொல்லல" என்றார். குற்றம் சொல்லாமலே வேலையிலிருந்து நிறுத்தினார். நிதானம் அண்ணன் தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். அதில் ஒரு நடுக்கமும் இல்லை. வெளியே வந்துவிட்டார்.

பேனாவையும் கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "தங்கச்சிக்கு எப்படிண்ணே சொல்லுவீங்க?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது!

"அவ என் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்குவா" என்றார். பிறகு மெதுவாக, "உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ படம் வரையுற பிள்ளை இல்ல. ஒரே படத்த ஏன் ஆறு தடவ வைக்கிறோம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை நாளாக அப்படித்தான் நினைத்து என்னை மன்னித்திருக்கிறார். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த மன்னிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"தெரியும்ணே. முதல் நாளே தெரியும்."

அவர் பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஜிப்பை முழுசாக இழுத்து மூடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"தெரியாதுன்னே இருந்திருக்கலாம்மா" என்றார்.