சுவரில் இருந்த பதினான்கு லட்சம்

அண்ணனின் பேக்கரிக்கு முதல் வருடக் கணக்கை நான்தான் எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சி.ஏ. பயிற்சிக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த எட்டு மாதத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போது கடைகளின் போர்டைப் பார்த்து, இவர்களுடைய இருப்புநிலைக் குறிப்பு எப்படி இருக்கும் என்று மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். அப்படி ஒரு பைத்தியம்.

அண்ணனும் அவன் கூட்டாளியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பிறகு துபாயில் ஒரே அறை. இருவரும் ஒன்றாகத்தான் திரும்பி வந்தார்கள், கேக் போடக் கற்றுக்கொண்டு. தேங்காய்ப்பட்டணம் போகிற சாலையில் எங்கள் கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமான ஒரு கட்டடம் உண்டு. கீழே எட்டுக் கடைகள், மேலே ஞாயிறு பள்ளி. அதில் மூலைக் கடை காலியானது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஐந்து வருடக் குத்தகை, முறையாகப் பதிவு செய்த பத்திரம். இருவரும் சமபங்கு.

வெறும் சுவராக இருந்த கடையைப் பேக்கரியாக்க இருபது லட்சம் ஆனது. தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், முகப்புக் கண்ணாடி, மூன்று ஃபேஸ் வயரிங், அடுமனைக்குப் புகைப்போக்கி, கழிவுநீர்க் குழாய். ஓவன், ஃப்ரிட்ஜ், மேசை நாற்காலி இவையெல்லாம் தனி. அவற்றைத் தூக்கிக்கொண்டு போகலாம். நான் சொல்லும் இருபது லட்சத்தைத் தூக்க முடியாது. கட்டடத்தோடு ஒட்டியவை கட்டடத்துக்கே என்று பத்திரத்திலும் இருந்தது.

இந்தச் செலவை ஒரே வருடத்தில் தள்ளிவிடக் கூடாது. சொத்தாகக் காட்டி, வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். எத்தனை வருடம்? அந்த டைல்ஸும் சீலிங்கும் எத்தனை வருடம் உழைக்கும், குத்தகை எத்தனை வருடம் இருக்கும், இரண்டில் எது குறைவோ அது. டைல்ஸ் பத்து வருடம் உழைக்கும். குத்தகை ஐந்து. ஆகவே ஐந்து. பாடப் புத்தகத்தில் இரண்டு வரி. எனக்கு மனப்பாடம்.

நான் பத்து என்று போட்டேன்.

ஏன் போட்டேன் என்பதை எத்தனையோ தடவை எனக்கே விளக்கிப் பார்த்திருக்கிறேன். பத்திரத்தில், 'இரு தரப்பும் சம்மதித்தால் குத்தகையைப் புதுப்பிக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் பக்கத்தில் சபைக் கடையில் ஏறியவரை யாரும் இறக்கிப் பார்த்ததில்லை. பக்கத்துத் தையல்கடை இருபது வருடமாக இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வந்த சபைக் கமிட்டி செயலாளர், முட்டை பஃப்ஸைக் கடித்துக்கொண்டே அண்ணன் தோளில் தட்டினார்.

"லேய் மக்கா, வாடகைய ஒழுங்கா கெட்டு. உன்ன யாருலே இறக்குவா? உனக்க பிள்ளைக்க கல்யாணத்துக்கும் கேக்கு இங்கதான்."

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைக் குத்தகைக் காலமாகவே எடுத்துக்கொண்டேன். சபையின் சம்மதமும் வேண்டும் என்றால் அது எங்கள் உரிமை அல்ல, வெறும் ஆசை. இதுவும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வருடம் இந்தக் கழிவுக்கு முன்னால் லாபம் மூன்று லட்சம். ஐந்து வருடம் என்றால் நாலு லட்சம் கழிக்க வேண்டும். ஒரு லட்சம் நஷ்டம். பத்து வருடம் என்றால் இரண்டு லட்சம்தான். ஒரு லட்சம் லாபம். காலையில் மூன்றரை மணிக்கு எழுந்து மாவு பிசைகிற இரண்டு பேரிடம் போய் நஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருமான வரிக்குத் தேய்மானம் வேறு விகிதம். அதை ஒழுங்காகத்தான் போட்டேன். எங்கள் அளவுக்குத் தணிக்கையும் கட்டாயமில்லை. வேறு எவரும் பார்க்கப்போவதில்லை. அலுவலகத்தில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள் மட்டும் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"லீஸ் எத்தன வருசம்டி?"

"அஞ்சு. ஆனா..."

"அந்த 'ஆனா' பத்திரத்துல இருக்கா?"

நான் அவளுடைய மீன் குழம்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மூன்றாவது வருடம் முடிகிற மார்ச்சில் கூட்டாளியின் அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பேக்கரியில் கிடைப்பது அதற்குப் போதாது. மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. அவர் பிரிந்து போக வேண்டும். பிரிகிறவருக்கு, அந்தத் தேதி இருப்புநிலைக் குறிப்பில் அவருடைய மூலதனக் கணக்கில் உள்ளதைக் கொடுக்க வேண்டும் என்பது கூட்டு ஒப்பந்தம். குறிப்பைத் தயாரித்தது நான்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாளைத் திருப்பிக் காட்டினேன். அவர் பங்கு பதின்மூன்று லட்சம். கூட்டாளி அந்த எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"கடையில அவ்வளவு இருக்கா, மக்கா? கல்லாவுல பாத்தா அப்படித் தெரியலியே."

"கல்லாவுல இல்லண்ணா. சுவருல இருக்கு. பதினாலு லட்சம் சுவருலயும் தரையிலயுமா இருக்கு."

"பாத்தியாலே, இனி சுவருல சாஞ்சு நிக்காத, பைசா உதுந்திரும்" என்றான் அண்ணன். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

கூட்டாளி பேனாவை எடுக்கவில்லை. "எனக்குப் பத்து தந்தா போதும்லே. நீ தனியா கிடந்து கஷ்டப்படப் போற" என்றார்.

"கணக்குன்னா கணக்கு. எனக்க தங்கச்சி போட்டது. நீ குறைச்சு வாங்கினா நாளைக்கு ஊர்ல என்னைப் பேசுவானுவ" என்றான் அண்ணன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணனின் சேமிப்பு போதவில்லை. அண்ணனின் மனைவி, என் மைனி, உள்ளே போய் வளையல்களையும் கல்யாணத்துக்குப் போட்ட தங்க மாலையையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டு வந்து வைத்தாள். பன்னிரண்டு பவுன். "கடை நம்ம கடையாச்சே" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருடம் சபையில் தேர்தல் நடந்தது. பழைய கமிட்டி தோற்றது. குத்தகை முடிகிற கடைகளை இனிப் பொது ஏலத்தில்தான் விடுவது என்று புதிய கமிட்டி தீர்மானம் போட்டது. சபைக்கு வருமானம் வேண்டும், கூரை ஒழுகுகிறது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அண்ணன் பழைய செயலாளரைத் தேடிப் போனான். நானும் போனேன். அவர் எங்களை உட்காரச் சொல்லி, காப்பி கொடுக்கச் சொல்லி, தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சொன்னது நெசம்தான் மக்கா. அன்னைக்கு நான் செக்ரட்டரி. இன்னைக்கு எனக்க பேச்ச எவன் கேப்பான்?"

ஏலத்தில் அண்ணன் தன்னால் முடிந்ததற்கு மேலேயே கேட்டான். வெளியூர் நகைக்கடை ஒன்று ஒரே மூச்சில் அதன் இரண்டு மடங்கைச் சொன்னது.

குத்தகை முடிகிற ஐந்தாவது வருட மார்ச் கடைசி வாரம் ஓவனும் ஃப்ரிட்ஜும் டெம்போவில் போயின. அண்ணன் ஒரு உளியை வைத்து ஒரு டைலைப் பெயர்க்கப் பார்த்தான். முழுதாக வரவில்லை, நான்காக உடைந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் துண்டுகளைப் பெருக்கி எடுத்தான். காலியான கடையில் அண்ணன், மைனி, நான் என்று மூன்று பேர். நான் மடிக்கணினியைத் திறந்து தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"இதுக்குக் கணக்குல என்ன போடுவ?" என்றான்.

"போன வருசம் முடிவுல பன்னெண்டு லட்சம் நின்னுச்சு. இனி கடை இல்லல்லா? இந்த ஒரு வருசத்துலயே எல்லாம் கழிக்கணும்."

"பன்னெண்டும்?"

"ம்."

அவன் சீலிங்கைப் பார்த்தான். படிப்பு பத்தாம் வகுப்புதான். ஆனால் கிராமில் மாவு நிறுக்கிறவன், கணக்கு அவனுக்குப் பிசகாது.

"அஞ்சு வருசக் கடை. அஞ்சு வருசத்துல முடிச்சிருந்தா இப்ப எவ்வளவு நிக்கும்?"

"ஒண்ணும் நிக்காது."

"அப்போ அவன் போம்போ?"

அவனே விரலை மடக்கினான். மூன்று வருடம், வருடத்துக்கு நாலு, பன்னிரண்டு போனால் எட்டு. நான் காட்டியது பதினாலு. ஆறு லட்சம் கூடுதல். அதில் பாதி கூட்டாளிக்கு.

"மூணு லட்சம்" என்றான். "அவன் சொன்னானே ஏட்டி. பத்து போதும்னு அவன் வாயாலயே சொன்னானே."

மைனி வாசற்படியில் நின்றிருந்தாள். "ஏட்டி, அஞ்சுல போடணும்னு உனக்கு அப்பமே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் படிக்கிற பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டிருப்பாள். நான் "தெரியும்" என்றேன். மைனி விளக்குமாற்றை எடுத்து, யாருக்கோ போய்விட்ட கடையை மூலைமூலையாகக் கூட்டத் தொடங்கினாள்.

அண்ணனுக்குத் தெரியாமல் நான் மஸ்கட்டுக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரங்கள் மோதும் சத்தம்.

"அப்பாவுக்குத்தான் எல்லாம் போச்சு மக்கா. அப்பாவும் போயாச்சு" என்றார். பிறகு, "நான் தருவேன். அவன்கிட்ட சொல்லு, கொஞ்சம் கொஞ்சமா தருவேன்."

அடுத்த மாதம் அண்ணனின் கணக்கில் பத்தாயிரம் வந்தது. அன்றே அதைத் திருப்பி அனுப்பினான். இன்னொரு மாதமும் வந்தது, திரும்பிப் போனது. அதன் பிறகு வரவில்லை. பணத்தோடு போனும் நின்றுபோனது. அவருக்குக் கூடுதலாக வாங்கிவிட்ட கூச்சம். இவனுக்கு, தகப்பன் இறந்த வீட்டில் போய்க் கேட்டதுபோல் ஆகிவிட்ட கூச்சம். என்னிடம் இருவருமே கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்துப் பேசியாவது இருப்பேன்.

ஜூலையில் அண்ணன் தோஹாவுக்குக் கிளம்பினான், இன்னொருவரின் பேக்கரிக்குச் சம்பளத்துக்கு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் மைனியும் நின்றோம். அவன் பெட்டியை உருட்டிக்கொண்டு வரிசையில் நகர்ந்தான். எங்கள் பக்கம் ஒருமுறை கையைத் தூக்கினான். அதற்குள் ஒரு குடும்பம் குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, மன்னிப்புக் கேட்கிற ஒரு வாக்கியத்தை நான் மனதுக்குள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அடுக்கி வைத்திருந்தேன். மைனியின் பக்கம் திரும்பினேன். அவள் வளையல் இல்லாத வெறும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி..."

"உள்ள போயாச்சு" என்றாள். "வா, களியக்காவிளை பஸ்ஸு நிக்கான்னு பாப்போம்."

பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.