ஷெல்டனின் டயர் வீக்கம்

ஷெல்டனின் வாழ்க்கையில் தவறு என்ற ஒன்று நடந்ததே கிடையாது. நடந்ததெல்லாம் பாதையின் தவறு, மழையின் தவறு, எதிரே வந்த பஸ்ஸின் தவறு. பதினெட்டு வருடமாக அவர் பதுளையிலிருந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஆசிரியைகளை ஏற்றிச் செல்கிறார். தினமும் காலையில் வேனைக் கழுவி, டயருக்குக் கறுப்பு பொலிஷ் பூசுவார். டயருக்குள் எவ்வளவு காற்று என்று மட்டும் பார்க்க மாட்டார்.

புதன்கிழமை பின்னேரம், போனில் யாருக்கோ பாதுகாப்பான ஓட்டம் பற்றி விளக்கிக்கொண்டே திரும்பினார். நடைபாதைக் கல் நகர்ந்து வந்து இடது சக்கரங்களில் மோதியது. அப்படித்தான் அவர் ஆசிரியைகளிடம் சொன்னார்.

வியாழன் காலை, முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவு வீக்கம். அன்று பாடசாலைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒன்பது ஆசிரியைகளோடு தோட்டத்து மலைப்பாதை வளைவுகளில் இறங்கியாக வேண்டும். வேனை மெதுவாக நௌபர் நானாவின் டயர் கடைக்குக் கொண்டுபோனார்.

"நானா, டயரைக் கழட்டி, வீக்கம் உள்பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போட்டுருங்க. டீச்சர்மார் பார்த்தா வீணா பயப்படுவாங்க."

நௌபர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல யோசனை. வெடிச்சாலும் உள்பக்கமே வெடிக்கும். வெளிய யாருக்கும் தெரியாது."

"கொஞ்சம் காத்தைக் குறைச்சா?"

"குறைச்சா டயர் இன்னும் மடங்கி, சூடாகி, சீக்கிரமா வெடிக்கும். ஷெல்டன், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கி உள்ள இருக்குற நூல் அறுந்திருக்கு. அந்த இடத்துல காத்தைத் தாங்குறது வெறும் ரப்பர். ஒட்டுப் போட முடியாது. எப்ப போகும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"நான் அளவாத்தான் ஓட்டுவேன்."

"அது டயருக்குத் தெரியுமா?"

நௌபர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். ரிம்மின் விளிம்பு வளைந்திருந்தது. வெளியிலிருந்து தெரியாத டயரின் உள்பக்கத்திலும் ஒரு வெட்டு. ஸ்டியரிங் கம்பியையும் ஷொக் அப்சோபரையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு பின் சக்கரத்தருகே குனிந்தார்.

"அது நல்லா இருக்கு நானா."

"பார்த்தீங்களா?"

ஷெல்டன் பார்க்கவில்லை. பொலிஷ் மட்டும் பூசியிருந்தார். அந்தப் பளபளப்பின் நடுவே, சின்ன வெங்காயம் போல இன்னொரு வீக்கம். பின்சீட்டில் எப்போதும் உட்காரும் மதுஷா டீச்சர், ஏழு மாதக் கர்ப்பிணி.

"ரெண்டையும் மாத்துங்க," என்றார். அது அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். "ரிம்மும் ஒண்ணு. வீல் எலைன்மென்டும் பாருங்க. ஆனா பழசை ஸ்பெயார் டயரா வச்சுக்கிட்டா…"

நௌபர் காற்றை இறக்கிவிட்டு, கத்தியை எடுத்து, இரண்டு டயர்களிலும் வீக்கத்தின் குறுக்கே ஆழமாகக் கிழித்தார்.

ஷெல்டன் போனை எடுத்து மதுஷா டீச்சரை அழைத்தார்.

"டீச்சர், நேத்து கல்லுல ஏத்தினது நான்தான். வேன் டயர் கடையில இருக்கு. வேலை முடியாட்டி நாளைக்கு பஸ்ல போகணும், எல்லாருக்கும் சொல்லிருங்க."