விட்டுப்போன அறுபத்தாறு அலகுகள்

கூரையில் சோலர் பலகை வைத்தவர்களுக்குப் பில் போடும் வேலை என் மேசைக்கு வந்தபோது, பதுளையில் எங்கள் மின்சார சபைப் பிரிவுக்குள் அப்படிப்பட்ட இடங்கள் மொத்தம் நாலுதான். இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கும் தறுவாய் அது. மற்ற எல்லாப் பில்லும் கணினியில் ஓடியது. இந்த நாலுக்கு மட்டும் கணினியில் இடம் இல்லை. நீளமான ஒரு பதிவேட்டில் கையால் கோடு போட்டு நானே எழுத வேண்டும். சீனியர் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கணக்கு பெரிய வித்தையல்ல. பகலில் சோலர் தருகிற மின்சாரத்தில் வீடு எடுத்தது போக மிஞ்சுவது கம்பி வழியாக வெளியே போகும். இரவில் தேவையானது கம்பி வழியாக உள்ளே வரும். புது மீட்டர் போனதையும் வந்ததையும் தனித்தனியாக எண்ணும். போனது கூடுதலாக இருந்தால், கூடுதலான அலகுகளை அடுத்த மாதத்துக்கு வரவாகக் கொண்டுபோவோம். காசாகக் கொடுக்கமாட்டோம். வந்தது கூடினால் முதலில் அந்த வரவில் கழிப்போம். அதுவும் போதாவிட்டால்தான் மிச்ச அலகுகளுக்குக் காசு. ஒரு மாதத்துப் பில்லின் கடைசியில் நிற்கிற வரவு, அடுத்த மாதத்துப் பில்லின் தொடக்கத்தில் அப்படியே நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் என் கணவர் இறந்தார். ஆசிரியர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி இருவருமாக இந்த ஊருக்கு வந்தவர்கள். காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு நெஞ்சு நோகுது என்றார், ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த மறுநாளே நான் வேலைக்குப் போனேன். எல்லோரும் என் மனத்திடத்தைப் பாராட்டினார்கள். திடமாவது மண்ணாவது. பசி தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. நமுனுகுல மலைப்பக்கம் இருந்து மழை இறங்கினால் குடை விரிக்கத் தோன்றாது, நனைந்தபடி பஸ்ஸுக்கு நிற்பேன். ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்தால் மட்டும் எரிச்சல் வரும்.

திரும்பி வந்த கிழமையே அந்த நாலு பில்லையும் போட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்து, கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் இரண்டு பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கடையின் மேல்மாடியில்தான் அவர் குடும்பம். நான் அன்று வங்கிக்குப் போயிருந்ததால் நேரே பொறியியலாளரிடம் போய்விட்டார். நான் வந்ததும் பொறியியலாளர் கூப்பிட்டார். சிங்களவர், வயதில் என்னைவிட இளையவர், மரியாதையான மனிதர். இரண்டு பில்லையும் என் முன்னால் வைத்தார்.

போன மாதப் பில்லின் கடைசியில் வரவு முந்நூற்றுப் பதினெட்டு அலகு. இந்த மாதப் பில்லின் தொடக்கத்தில் வரவு இருநூற்று ஐம்பத்திரண்டு. இடையில் அறுபத்தாறு அலகைக் காணவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அவரே காரணமும் சொல்லிவிட்டார். அந்தத் தெருவுக்கு நான் லீவில் இருந்த மாதம்தான் புதிய மீட்டர் வாசிப்பாளர் வந்தார். தேயிலைத் தோட்டத்து ஆள், தற்காலிக நியமனம், ஒரு வாசிப்பு மட்டும் காட்டுகிற மீட்டர்தான் பழக்கம். இரண்டு வாசிப்புகள் மாறி மாறி வருகிற மீட்டரில் ஏதோ தவறாகப் பார்த்து எழுதியிருப்பார். "நீங்கள் அதைக் கண்டுபிடித்து அந்த மாதத்தின் மிகுதியை நீக்கியிருக்கிறீர்கள், அப்படித்தானே?" என்று கேட்டார். பழைய சேவையையும் கணக்கில் எடுத்து அவரை நிரந்தரமாக்குவதற்கான கடிதம் மேசையில் இருக்கிறதாம். இப்படிப்பட்டவரை எப்படி நிரந்தரமாக்குவது, ஒரு சிறிய அறிக்கை எழுதித் தாருங்கள், நான் அந்தக் கடிதத்தை நிறுத்திவிடுகிறேன் என்றார்.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எதையும் நீக்கவுமில்லை. ஆனால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாட்களில் எனக்கு வாயில் வந்ததெல்லாம் அதுதான்.

மறுநாள் மீட்டர் வாசிப்பாளரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டு வருஷம் கம்பி இழுக்கிற கூட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்தவர். விஷயம் காதுக்கு எட்டியிருந்தது. கடை வாசலுக்கு வந்ததும் நின்றார்.

"மிஸ், நான் தப்பா எழுதலங்க. ரெண்டு தடவ பாத்துத்தாங்க எழுதினேன். இந்த வேல போச்சுன்னா திரும்பத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத்தாங்க போகணும். புள்ளைய இப்பத்தான் டவுன் ஸ்கூல்ல போட்டிருக்கேன்."

"பாப்பம் தம்பி. மீட்டரைக் காட்டும்," என்றேன்.

முதலாளி எங்களைப் பார்த்ததும் கல்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியடிக்கே வந்துவிட்டார். "வாங்க மிஸ். நான் காசா கேக்கல்ல. யுனிட்டத்தானே கேக்கிறன். ஒரு விசயம் சொல்றன், கேளுங்க. இந்த மீட்டர் புதுசா கொண்டுவந்து பூட்டக்குள்ள ரெண்டும் சைபர். ஒரு மாசமும் நான் யுனிட்டுக்குக் காசு கட்டினதில்ல, நிலையான கட்டணம் மட்டுந்தான். அப்ப இதுவரைக்கும் போனதுல இதுவரைக்கும் வந்ததக் கழிச்சா என்ட மிச்சம் வரணுமா இல்லயா?"

வர வேண்டும். எத்தனை வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், எனக்கு இந்தக் குறுக்குவழி தோன்றவில்லை. பில்லில் இருந்த வாசிப்புகளை எடுத்தேன். போனது ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நாலு. வந்தது ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு. கழித்தால் முந்நூற்று நாற்பத்திரண்டு. என் பில் சொன்னது இருநூற்று எழுபத்தாறு. அதே அறுபத்தாறு.

மீட்டரைப் பார்த்தோம். வாசிப்பாளர் வாசித்த பிறகு பன்னிரண்டு நாள் ஓடியிருந்தது. இரண்டு எண்களும் அவர் வாசிப்பு அட்டையில் எழுதியதற்கு மேலே, பன்னிரண்டு நாளுக்கு ஏற்ற அளவுதான் ஏறியிருந்தன. முதல் மாதத்தில் தவறாக எழுதியிருந்தால் அடுத்த மாதத்தில் ஒரு பக்கம் கூடியோ குறைந்தோ இளித்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. மனிதர் ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறார்.

"சரியாத்தான் இருக்கு தம்பி," என்றேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அறிக்கை எழுதப்போவது நான்தானே.

அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். கடைசியாக என் கையெழுத்தில் இருந்த வரி: வரவு இருநூற்று ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே, திரும்பி வந்ததும் நான் எழுதிய வரி, வரவு இருநூற்று ஐம்பத்திரண்டு என்றுதான் தொடங்கியது. இடையில் ஒரு மாதம் இல்லவே இல்லை. நான் லீவில் இருந்தபோது பதிவேடு என் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. எனக்குப் பதிலாக இருந்தவர் முந்தைய பில்லின் பிரதியை வைத்துத் தனித்தாளில் கணக்குப் போட்டு, பில்லும் அனுப்பி, தாளை நான் வந்த பிறகு பதிவேட்டில் செருகி வைத்திருந்தார். வந்தது நூற்றைம்பது, போனது இருநூற்றுப் பதினாறு, மிகுதி அறுபத்தாறு, வரவு முந்நூற்றுப் பதினெட்டு. அழகான எழுத்து. ஒரு பிழை இல்லை.

அந்தத் தாளை நான் பார்க்காமல் விட்டேன் என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். தலைப்பில் அந்த மாதத்தின் பெயர் இருந்தது. திருப்பிவிட்டேன். போன மாத வாசிப்பையும் இந்த மாத வாசிப்பையும் அட்டையிலிருந்து எடுத்தேன், வரவை மட்டும் என்னுடைய கடைசி வரியிலிருந்து எடுத்துக் கூட்டினேன். மற்ற மூன்று பில்லிலும் அதே பிழை. அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கமோ பயமோ வரவில்லை. நான் ஒன்றும் எழுதாவிட்டால் பொறியியலாளர் நினைத்ததே நிற்கும், எனக்கு ஒரு குறையும் வராது, அந்த மனிதர் லயத்துக்குப் போவார் என்று மட்டும் தெரிந்தது. எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதாக இருந்தது. தேத்தண்ணீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு தாளை எடுத்துச் சிங்களத்தில் எழுதினேன். வாசிப்புகள் சரி. பிழை என்னுடையது. நாலு பில்லிலும் ஒரு மாத வரவு விடுபட்டது. காரணம்: அந்த மாதம் என் கணவர் இறந்ததால் அந்தத் தாளை நான் பார்க்க விரும்பவில்லை.

பொறியியலாளர் தாளைப் படித்தார். காரணம் எழுதத் தேவையில்லை, "கவனக்குறைவு" என்று போட்டால் போதும் என்றார். இல்லை, அப்படிப் போட்டால் யாருடைய கவனக்குறைவு என்று நாளைக்கு ஒருவர் கேட்பார், இருக்கட்டும் என்றேன். அவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

திருத்திய வரிகளில் வாசிப்பாளரும் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது அலுவலக வழக்கம். அன்று பின்னேரம் அவர் வந்து என் மேசைக்கருகில் நின்றார். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. விடுபட்ட மாதத்தின் பெயரை நான் இன்னும் எழுதவில்லை. பேனா கையிலேயே இருந்தது.

"ரொம்ப நன்றிங்க மிஸ்," என்றார். பிறகு, என்னை ஆறுதல்படுத்த அல்ல, தனக்குத்தானே சொல்கிறவராக, பதிவேட்டைப் பார்த்தபடி சொன்னார். "அது என்னோட மொத மாசங்க. மொத மொதல்ல மாசச் சம்பளம் எடுத்து, எங்க அம்மாவுக்கு ஒரு சேல வாங்கிக் குடுத்தேன். எங்க லயத்துல அன்னைக்கு எல்லாத்துக்கும் பாயாசம்."

அந்த மாதத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பாயாசம் காய்ச்சியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. உலகம் முழுக்க என்னைப்போலவே அந்த மாதத்தை விட்டுத் தாண்டியிருக்கும் என்றே இருந்தேன். மாதத்தின் பெயரை எழுதினேன். நூற்றைம்பது, இருநூற்றுப் பதினாறு, அறுபத்தாறு, முந்நூற்றுப் பதினெட்டு. அவர் சுருக்கொப்பம் போட்டார். நானும் போட்டேன். மை காய்வதற்குள் அதன்மேல் என் கண்ணீர் விழுந்தது. அவர் போன பிறகு, அந்த வரி கலங்கிவிடாமல் இருக்கச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தேன்.