முதலாளியின் போணி

ஆரணியில் ஒரு பட்டுக் கடைக்கு இணைய விளம்பர வேலையைப் பார்த்துவந்தேன். விளம்பரத்தில் விழும் கிளிக்குக்கு நானே விலை வைக்கும் பழைய முறையையும், விளம்பர இடத்துக்குக் கணினியே ஏலம் கேட்கும் புதிய முறையையும் மோதவிட்டு ஒரு சோதனை வைத்தேன். பார்வையாளர்களை முறைக்கு ஒரு பக்கமாகச் சரிபாதி பிரித்தேன், ஒரு பக்கம் விழுந்தவர் கடைசிவரை அதே பக்கம்தான். ‘விசாரிக்க’ பட்டனை அழுத்தினால் ஒரு விசாரணை என்று கணக்கு.

"விளம்பரத்தை நீங்க தொடாதீங்க, சோதனை கெட்டுடும்" என்று முதலாளியிடம் நூறு தடவை கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

தினமும் புதிய பக்கம் ஒரு விசாரணை முன்னால் நின்றது. கணினியைக் கொண்டாடினேன்.

முதலாளி திடீரென்று இறந்துபோனார். கடை மூடியிருந்தாலும் விளம்பரம் ஓடியது. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் சமம். ஏனென்று புரியவில்லை.

காரியம் முடிந்து கடை திறந்த காலை, அவர் மனைவி சாமி படத்துக்கு முன்னால் அவருடைய போனை எடுத்தார். எங்கள் விளம்பரத்தைத் தேடித் திறந்து பட்டனை அழுத்தினார்.

"தினம் அவரு பண்றதுங்க. போணி ஆவாம கடை தொறக்கக் கூடாதும்பாரு."

தினமும் புதிய பக்கம் முன்னால் நின்ற அந்த ஒன்று, இந்த போன்தான். அந்தச் சோதனையே குப்பை.

மதியம் அந்த அம்மா கேட்டார்: "போணி ஆச்சுங்களா?"

திரையைப் பார்த்தேன். புதிய பக்கம், ஒன்று.

"ஆச்சுங்க" என்றேன்.