அறுபது மீட்டரில் படித்தவர்

என் அக்காவுக்குப் பட்டறையில் ‘சந்தேகம்’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், பெயரை வைத்தது யார் என்று விசாரணை தொடங்கிவிடும். பாதுகாப்புப் பிரிவில் எச்சரிக்கைப் பலகைகள் தயாரிப்பது அவள் வேலை. நான் வெல்டர். அவள் கணவர், என் மாமா, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் போடும் சண்டை போதாதென்று வேலையும் மூவருக்கும் ஒரே கூரையின் கீழ்!

ஒரு பலகை முடிவதற்குள் அவள் எங்கள் உயிரை வாங்கிவிடுவாள். சாப்பிடும்போதுகூட வாசகத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். “இது சட்டுன்னு புரியுதா?” என்று மாமாவைக் கேட்பாள். அவரும் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, புரியுது என்பார். அந்த மனிதரின் பொறுமைக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

போன வருடம் குறுக்குப் பாதையில் மாமாவின் வண்டி, ட்ராலி தள்ளி வந்த ஒருவரை இடிக்கப் பார்த்தது. மயிரிழையில் தப்பினார். “அதான் போர்டு இருந்துச்சே” என்றார் மேலாளர். அக்கா டேப்போடு போய் அளந்தாள். எழுத்து உயரம் இரண்டு சென்டிமீட்டர்.

“போர்டுக்குக் கீழ வந்து நின்னு படிக்கிறதுக்கா போர்டு? வண்டிய நிறுத்தணும்ல? அதுக்கு முன்னாடியே கண்ணுல பட வேணாமா?” என்று மேலாளரைப் பிடித்துக்கொண்டாள்.

சரக்கோடு வருகிற வண்டி, பலகையைப் படித்து, பிரேக் போட்டு நிற்க அங்கே பன்னிரண்டு மீட்டர் வேண்டும். தூரத்தை இருநூறால் வகுப்பது அவள் கணக்கு. ஆறு சென்டிமீட்டர் வந்தது. அதையும் ‘ப’, ‘ட’ மாதிரி எழுத்தின் உடம்பில்தான் அளப்பாள். மேலே வளையும் கொக்கியையும் சேர்த்து உயரம் காட்டுவது பித்தலாட்டம் என்பாள். வெளிச்சம் மங்கலான இடமென்றால் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும்.

‘குறுக்கே ஆள் வரும், நிறுத்து’ என்று புதுப் பலகை மாட்டினாள். மாட்டியதோடு விடுவாளா? ஷட்டர் வாசலிலிருந்து ஒவ்வொருவராக நடந்து வரவேண்டும், எழுத்து தெரிந்த இடத்தில் நின்று படித்துக் காட்டவேண்டும் என்றாள். பெரும்பாலானவர்கள் இருபது மீட்டர் சுமாருக்கு வந்து நின்றார்கள். வேண்டியதைவிட அதிகம்தான். மாமா மட்டும் ஷட்டரைவிட்டு நகரவே இல்லை. அறுபது மீட்டர் தள்ளி நின்று கணீரென்று படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா தட்டவில்லை. என்னை வெல்டிங் தடுப்புக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“நீதானடா அவருக்குச் சொல்லிக் குடுத்த?”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

“அவ்ளோ தூரத்துல அந்த எழுத்த யாராலயும் படிக்க முடியாது. சோதனையையே கேலிக்கூத்தா ஆக்கிட்டீங்க.”

எனக்கு வந்ததே கோபம்! செய்யாத தப்புக்கு எதற்குப் பேச்சு வாங்கவேண்டும்? அவளோடு பேசுவதையே நிறுத்தினேன். அவள் எழுத்து வெட்டுகிற மெஷின்காரரைச் சந்தேகப்பட்டாள், பலகை மாட்டிய எலெக்ட்ரீஷியனைச் சந்தேகப்பட்டாள்.

அடுத்த வாரம் வீட்டில் அவள் எந்த வாசகத்தையும் சொல்லிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில், யாருக்கும் சொல்லாமல் பலகையை மாற்றிவிட்டாள். அதே மஞ்சள், அதே அளவு, வாசகம் மட்டும் வேறு. மறுபடியும் எல்லோரையும் நடக்கச் சொன்னாள்.

மாமா ஷட்டர் வாசலில் நின்று, “குறுக்கே ஆள் வரும், நிறுத்து” என்றார்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அந்த அமைதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஒரு வருஷமா எல்லாம் புகை மூட்டமாத்தான் தெரியுது. நீதான் வீட்டுல சொல்லிட்டே இருப்பியே, அதுலயே எல்லா போர்டும் மனப்பாடம். மத்தவங்களுக்கு எவ்ளோ தூரத்துல தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? வண்டிய விட்டு எறக்கிட்டா நான் எங்க போவேன்?”

எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. அந்த ட்ராலிக்காரர் செத்திருந்தால்? அக்காவுக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. “எழுத்துதான் சின்னதுன்னு நெனச்சேனே” என்றவள் கையை நீட்டினாள். “சாவியக் குடுங்க.”

“போர்டுல இப்ப என்ன எழுதியிருக்க?” என்று மாமா கேட்டார்.

“கண்ணச் சரி பண்ணிட்டு வந்து நீங்களே படிங்க.”

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று மாற்றி ஒன்று அறுவை சிகிச்சை முடிந்து, டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை ஸ்டோரில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆயிற்றா? அக்கா மறுபடி பலகையை மாற்றினாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

மாமா ஷட்டரிலிருந்து நடந்து வந்தார். பாதித் தூரம் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றார். “ஹாரன் அடித்துத் திரும்பு” என்றார்.

அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லிக் குடுக்கலைல்ல?”

“சத்தியமா இல்லக்கா.”

என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு ட்ராலி மேல் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள். பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒன்றை அவள் நம்பியது அன்றைக்குத்தான்.